திருமணப் படங்களைத் திரட்டுதல்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் ஆசிரியர் அறை மேசைகளில் திருமண அழைப்பிதழ்கள் குவியத் தொடங்கும். விடுமுறை முடிந்து திரும்பும்போது ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். அவை எங்கே போகின்றன என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை ஒன்றுதான்: "குடும்பப் புலனக் குழுவில் போட்டுவிட்டோம்." வாட்சாப் எனப்படும் அந்தப் புலனத்தில் போட்ட படம் பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது எந்த அளவுக்கு உண்மை என்பதை எங்கள் குடும்பத்துத் திருமணம் ஒன்றை வைத்துச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். வீட்டில் திருமணம் வைத்திருக்கும் பெற்றோர் சிலர் கேட்டதனால் எழுதுவது இது.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் அக்காள் மகளுக்குத் திருமணம் நடந்தது. காலையில் கோயிலில் முகூர்த்தம், மாலையில் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் விருந்து. சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும்கூட உறவினர்கள் வந்திருந்தார்கள். கூலி கொடுத்து அமர்த்திய படப்பிடிப்பாளர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துக் கொடுத்தார். அவர் வேலையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய கண் மணமேடையை விட்டு அகலவில்லை, அகலவும் கூடாதுதான். பந்தியில் பரிமாறியவர்கள், வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்து வரவேற்ற சிறுமிகள், பின்வரிசையில் அமர்ந்து பழங்கதை பேசிய பெரியவர்கள் ஆகியோரெல்லாம் விருந்தினர்களின் கைப்பேசிகளில்தான் இருந்தார்கள்.

எங்கள் சித்தப்பா அந்தப் பெரியவர்களில் ஒருவர். சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படம் எடுக்க அழைத்தால் நழுவிவிடுவார். அன்று காலை பசியாறும் நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியுடன் சிரித்தபடி நின்றவரைப் பெரியம்மாவின் பேரன், பதினாறு வயதுப் பையன், ஒரு படம் எடுத்திருந்தான். அடுத்த நான்கு மாதங்களில், 2024 சனவரியில், சித்தப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியத்திற்குப் பெரிய படம் வேண்டுமென்று தேடியபோது படப்பிடிப்பாளரின் தொகுப்பில் அவர் ஒரே ஒரு கூட்டுப்படத்தில்தான் இருந்தார். அதிலும் பாதி முகம் ஒருவருடைய தோளுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

எல்லாருக்கும் அந்தச் சாம்பார் வாளிப் படம் நினைவுக்கு வந்தது. குழுவில் தேடி எடுத்துக் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு, "சார், இது வாட்சாப்பில வந்த படம்தானே? பெரிசாக்கினா கட்டம் கட்டமா உடைஞ்சிடும். எடுத்தவங்ககிட்ட மூலப்படம் இருக்கா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதைக் கணக்காகப் பார்ப்போம். இன்றைய சாதாரணக் கைப்பேசி எடுக்கும் படம் நீளத்தில் ஏறத்தாழ 4000 புள்ளிகளும் அகலத்தில் 3000 புள்ளிகளும் கொண்டது. அதையே புலனத்தில் வழக்கமான முறையில் அனுப்பினால் நீளம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கைப்பேசித் திரையில் பார்க்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை. சித்தப்பா அந்தப் படத்தில் கால்பங்கு நீளத்தில்தான் இருந்தார். அவரை மட்டும் வெட்டி எடுத்தால் மூலப்படத்தில் 1000 புள்ளிகள் கிடைக்கும். புலனத்துப் படத்திலோ 400தான். எட்டு அங்குல அகலத்தில் அச்சிட்டால் ஓர் அங்குலத்திற்கு 125 புள்ளிகள் எங்கே, 50 புள்ளிகள் எங்கே! முன்னது சுவரில் மாட்டிப் பார்க்கத் தாங்கும். பின்னது கடைக்காரர் சொன்ன கட்டங்கள்தாம்.

பையனிடம் கேட்டால், திசம்பர் மாதமே கைப்பேசியை மாற்றிவிட்டிருந்தான்; பழையதில் இருந்தவை போய்விட்டன. ஆனாலும் அந்த மூலப்படம் எங்களுக்குக் கிடைத்தது. காரணம், என் மருமகன், அதாவது மணப்பெண்ணின் தம்பி, திருமணத்திற்கு முன்பே செய்து வைத்திருந்த ஓர் ஏற்பாடு.

முதலில் அவனும் எல்லாரையும் போலக் கூகல் போட்டோஸ் செயலியில் ஒரு பகிர்வுத் தொகுப்பைத்தான் தொடங்கினான். அது எளிது, செலவும் இல்லை. ஒரு தொகுப்பைத் திறந்து, பிறரும் படம் சேர்க்கலாம் என்னும் "Collaborate" தெரிவை முடுக்கிவிட்டு, தொடுப்பைக் குழுவில் அனுப்பினால் போதும். ஒரு தொகுப்பில் 20,000 படங்கள் வரை கொள்ளும் என்பதால் எந்தத் திருமணத்திற்கும் இடம் போதும். பரிசம் போட்ட நாளன்று அதைச் சோதித்துப் பார்த்தோம். அப்போதுதான் அதன் இயல்பு புரிந்தது.

தொடுப்பு இருந்தால் யாரும் படங்களைப் பார்க்கலாம். ஆனால் படம் சேர்க்க வேண்டுமானால் கூகல் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். ஆண்டிராய்டு கைப்பேசி வைத்திருக்கும் எங்கள் அத்தைமார்களுக்கு அந்தக் கணக்கு உண்டு. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கடையில் வாங்கும்போது விற்பனைப் பையன் ஏற்படுத்திக் கொடுத்தது. கடவுச்சொல் அவனோடு போயிற்று. ஐபோன் வைத்திருப்போரில் சிலரிடம் அந்தச் செயலியே இல்லை. இதைத் தாண்டி வந்தவர்களிலும் இருவருக்குச் "சேமிப்பிடம் நிரம்பிவிட்டது" என்ற அறிவிப்பு வந்தது. பகிர்வுத் தொகுப்பில் ஒருவர் சேர்க்கும் படம், தொகுப்பைத் தொடங்கியவர் கணக்கில் அல்ல, சேர்த்தவரின் கணக்கில்தான் இடம் பிடிக்கிறது. இலவசமாகக் கிடைப்பது 15 கிகாபைட். அதையும் மின்னஞ்சலோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். படங்களுக்குக் கணக்கில்லாமல் இடம் தந்த காலம் 2021 சூன் மாதத்தோடு முடிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இரண்டு வாரம் கழித்து வெளிப்பட்டது. பரிசத் தொகுப்பில் இருந்த முப்பது படங்களுக்கு மேல் காணவில்லை. யாரோ அழித்துவிட்டார்கள் என்று வீட்டில் ஒரு சிறிய வருத்தமே எழுந்தது. நடந்தது இதுதான்: அத்தை மகன் தம் கைப்பேசியில் இடம் செய்வதற்காகப் பழைய படங்களைக் கூகல் போட்டோஸ் செயலிக்குள் நுழைந்து நீக்கியிருக்கிறார். தொகுப்பில் போட்டாயிற்றே, அங்கே இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. தொகுப்பில் இருப்பது தனிப் படி அன்று. அவர் கணக்கில் இருக்கும் படத்தையே தொகுப்பு காட்டுகிறது. அவர் அங்கே நீக்கினால் இங்கேயும் மறையும். அவர் தொகுப்பை விட்டு விலகினாலும் அவ்வாறே. தொகுப்பை நடத்துபவர் ஒவ்வொன்றையும் தம் கணக்கில் சேமித்துக்கொண்டால் மட்டுமே அவை நிலைக்கும். பரிச வீட்டில் நாற்பது பேர். திருமணத்தில் முந்நூற்றைம்பது பேர் என்றால் யார் எப்போது எதை நீக்குவார் என்று எப்படிக் காவல் காப்பது?

ஐபோனிலேயே அமைந்த பகிர்வுத் தொகுப்பைப் பயன்படுத்தலாமே என்று மணமகன் வீட்டார் கேட்டார்கள். அதில் ஆண்டிராய்டுக்காரர்கள் இணையத்தில் பார்க்கலாமே தவிரப் படம் சேர்க்க இயலாது. அதோடு 100 பேருக்கு மேல் அழைக்க முடியாது. படங்களும் 2048 புள்ளி அளவுக்குச் சுருக்கப்படுகின்றன. நம் குடும்பங்களுக்கு அது பொருந்தாது என்பதே என் முடிவு.

இங்கேதான் மருமகன் ஒரு நல்ல பகுப்பைச் செய்தான். படங்களைச் சேர்ப்பது ஒரு வேலை, சேர்த்தவற்றைக் காட்டுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே செயலியிடம் கேட்பதால்தான் இடர் வருகிறது என்றான். சேர்ப்பதற்கு, திருமணங்களுக்கென்றே நடத்தப்படும் பதிவேற்றப் பக்கம் ஒன்றைக் கட்டணம் செலுத்தி எடுத்தான். அத்தகையவை இன்று பல இருக்கின்றன. விருந்தினர் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டாம், கணக்கும் வேண்டாம். கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசிப் படக்கருவியால் பார்த்தால் ஓர் இணையப் பக்கம் திறக்கும். பெயரை எழுதிப் படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். அந்தக் குறியீட்டில் மந்திரம் ஏதுமில்லை. இணைய முகவரி ஒன்றைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். டிராப்பாக்ஸ் சேவையிலும் இதேபோல் கணக்கில்லாதவரிடமிருந்து கோப்புகளைக் கேட்டு வாங்கும் வசதி உண்டு. அனுப்பியவர் பெயரையும் கோப்பின் பெயரோடு அது சேர்த்துவிடும். ஆனால் அதன் இலவசக் கணக்கில் 2 கிகாபைட்தான் இடம். ஒரு திருமணத்திற்கு அது காணாது.

இப்படி வரும் படம் அனுப்பியவரின் கைப்பேசியிலிருந்து அறுபட்ட தனிப் படி. அவர் பிறகு நீக்கினாலும், கைப்பேசியையே தொலைத்தாலும், நம்மிடம் வந்தது போகாது. பெரியம்மா பேரனின் படம் எங்களிடம் தங்கியது இதனால்தான்.

விருந்து மண்டபத்தில் ஒவ்வொரு மேசையிலும் குறியீட்டு அட்டை வைத்தோம். அன்றிரவு பதினொரு கைப்பேசிகளிலிருந்து மட்டுமே படங்கள் வந்தன. காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நாற்பது படங்கள் என்றால் ஏறத்தாழ 160 மெகாபைட். முந்நூறு பேர் நெருங்கியிருக்கும் மண்டபத்தில் கைப்பேசி இணையம் விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் மேலே அனுப்பினாலும் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் திரையில் திறந்தபடியே இருக்க வேண்டும். நடுவே அழைப்பு வந்து வேறு செயலிக்குப் போனாலோ திரை அணைந்து பூட்டிக்கொண்டாலோ, உலாவி பல வேளைகளில் பதிவேற்றத்தை நிறுத்திவிடும். அனுப்பியவரோ எல்லாம் போய்விட்டது என்றே நினைப்பார். சிங்கப்பூர் சின்னம்மா அனுப்பிய அறுபதில் பதினேழுதான் வந்திருந்தன. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எண்ணிக்கை கேட்பதுதான். "சின்னம்மா, எத்தனை படம் அனுப்பினீங்க?" என்று மறுநாள் தொலைபேசியில் கேட்டதால் தெரிந்தது.

அதனால் விருந்து முடிவதற்குள் அக்காள் ஒன்று செய்தார். மிச்சமிருந்த அட்டைகளைத் தாம்பூலப் பைகளில் போட்டுவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்து, வெற்றிலை பாக்கை எடுக்கும்போது அட்டை கையில் வரும். வீட்டு இணையத்தில் ஆற அமர அனுப்பலாம். அடுத்த வாரத்திற்குள் அனுப்பியவர் எண்ணிக்கை நாற்பத்தேழு ஆயிற்று. அட்டையில் இருந்த வாசகத்தை அப்படியே தருகிறேன், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்: "நீங்கள் எடுத்த படங்களை எங்களுக்கும் தாருங்கள். இந்தக் கட்டத்தைக் கைப்பேசியில் பார்த்து உங்கள் பெயரை எழுதுங்கள். வீட்டு இணையத்தில் அனுப்புவது நல்லது. முடியும்வரை திரையை அணைக்காதீர்கள். பத்து நாள் திறந்திருக்கும்." கடைசி வரிதான் மிக வேலை செய்தது என்பது என் கருத்து. நாள் குறிப்பிடாத வேலையை நாம் செய்வதில்லை. மாணவர் பயிற்சிகளைத் திருத்துவோருக்கு இது தெரியும்.

இனி, காட்டும் வேலை. வந்தவற்றையெல்லாம் மருமகன் கணினியில் இறக்கி, தன் ஒரே கணக்கிலிருந்து கூகல் போட்டோஸ் தொகுப்பாக ஏற்றினான். இரண்டாயிரத்து முந்நூறு படங்களும் காணொளிகளும் 15 கிகாபைட்டில் அடங்காததால் 100 கிகாபைட் திட்டத்தை வாங்க வேண்டியதாயிற்று. எல்லாம் ஒருவர் கணக்கில் இருப்பதால் எதுவும் தானாக மறையாது. உறவினர் அனைவரும் பார்வையாளர்கள் மட்டுமே.

படங்கள் நேர வரிசையில் அமைந்தன. நலங்கு, மணப்பெண் வீட்டை விட்டுக் கிளம்புவது, கோயில் என்று எடுத்தவர் யாராயினும் நிகழ்ச்சி ஓடியபடியே படங்களும் ஓடின. இது எப்படி நடக்கிறதென்றால், ஒவ்வொரு படக்கோப்பின் உள்ளேயும் எடுத்த நாளும் நேரமும் எழுதப்பட்டிருக்கின்றன. எக்சிஃப் என்று அதற்குப் பெயர். பதிவேற்றப் பக்கத்தில் மூலக்கோப்பு அப்படியே வந்ததால் அந்தக் குறிப்பும் உடன் வந்தது. புலனத்தில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடுகிறது. புலனத்திலிருந்து ஆண்டிராய்டு கைப்பேசியில் இறங்கிய படத்தின் பெயரைப் பாருங்கள், IMG-20230910-WA0012.jpg என்பதுபோல் இருக்கும். அதில் தெரியும் நாள் படம் எடுத்த நாளன்று, வந்து சேர்ந்த நாள். அத்தகைய படங்கள் சில எங்கள் தொகுப்பிலும் நுழைந்திருந்தன. அவை தாலி கட்டும் காட்சிகளாக இருந்தும் கடைசியில் போய்ப் படுத்துக்கொண்டன.

வேறொரு குழப்பம் விந்தையானது. சென்னையிலிருந்து வந்த உறவினர் நல்ல படக்கருவி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அவர் எடுத்த கெட்டிமேளக் காட்சி காலை 7.10 என்று பதிவாகி, மணப்பெண் வீட்டில் பூச்சூடிக்கொண்டிருந்த 7.30 மணிப் படங்களுக்கு முன்னால் வந்து நின்றது. திருமணம் முடிந்து பெண் அலங்காரம் செய்துகொள்வதுபோல் ஆயிற்று! உண்மையில் தாலி ஏறியது 9.40 மணிக்கு. வேறுபாடு சரியாக இரண்டரை மணி நேரம், அதாவது இந்திய நேரத்திற்கும் நம் நேரத்திற்கும் உள்ள இடைவெளி. கைப்பேசிகள் ஊருக்கேற்பத் தாமாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். தனிப் படக்கருவியில் நாம் மாற்றியாக வேண்டும். ஒருவருடைய படங்கள் மட்டும் முழுவதும் இடம் மாறியிருந்தால், பலரும் எடுத்த ஒரே நொடியைப் பிடித்து நேரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் திருமணங்களில் கெட்டிமேளத்தைவிடப் பொருத்தமான நொடி கிடையாது. கூகல் போட்டோசின் கணினிப் பக்கத்தில் பல படங்களைத் தேர்ந்தெடுத்து நேரத்தை ஒரே அளவில் நகர்த்தும் வசதி இருக்கிறது. படங்கள் தன் கணக்கில் இருந்ததால் மருமகன் ஐந்து நிமிடங்களில் சரிசெய்துவிட்டான். பிறர் கணக்கில் இருந்திருந்தால் சென்னைக்குத் தொலைபேசி அடித்து அவரையே செய்யச் சொல்ல வேண்டியிருக்கும்.

புலனத்தைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் படத்தைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். அளவும் குறையாது, நேரமும் போகாது. 2023 ஆகத்து மாதம் அறிமுகமான எச்.டி. தெரிவு சற்றுத் தெளிவைக் கூட்டினாலும் மூலப்படத்திற்கு ஈடாகாது.

தொடுப்பைப் பற்றிப் பெற்றோர்களுக்கு ஒரு சொல். தொடுப்பைக் கையில் வைத்திருப்பவர் எவரும் தொகுப்பைப் பார்க்கலாம். குழுவிலிருந்து குழுவுக்கு அது தாவிக்கொண்டே போகும். வீட்டுப் பிள்ளைகள் நலங்கன்று ஈரத்தலையோடு ஓடிய படங்களெல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் தொகுப்பின் தொடுப்பை மூன்று மாதம் கழித்து நிறுத்திவிட்டு, நெருங்கிய உறவினரை மட்டும் பெயர் குறித்துச் சேர்த்தோம். ஓரிருவர் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை.

பதிவேற்றப் பக்கமும் நிலையானதன்று. பல சேவைகள் சில மாதங்கள் அல்லது ஓராண்டுதான் வைத்திருக்கும். வாங்கும் முன்பே எத்தனை நாள் வைத்திருப்பார்கள், சுருக்காமல் மூல அளவிலேயே திருப்பித் தருவார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பெயர் பெற்றிருந்த வெட்பிக்ஸ் என்னும் திருமணப் படச் செயலி 2019ஆம் ஆண்டு மூடப்பட்டது. பதினோராம் நாளே மருமகன் எல்லாவற்றையும் இரண்டு வன்தட்டுகளில் இறக்கி, ஒன்றை அக்காள் வீட்டிலும் ஒன்றை என் வீட்டிலும் வைத்தான். சித்தப்பாவின் படத்தை அதிலிருந்துதான் எடுத்தோம். சின்னம்மா வீட்டு நடுக்கூடத்தில் அது இப்போது மாட்டியிருக்கிறது. வாளியை மட்டும் வெட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வருகிற தை மாதத்தில் தம்பி மகன் திருமணம். இம்முறை முகூர்த்தத்திற்கு முன்பு படக்கருவி வைத்திருப்போர் அனைவரையும் மண்டபத்துக் கடிகாரத்தை ஒருமுறை படமெடுக்கச் சொல்லப் போகிறோம். பிறகு நேரம் திருத்த அது அளவுகோலாகும். சித்தியவானில் இருக்கும் மூத்த அத்தைக்குக் கைப்பேசியில் இணையமே கிடையாது. ஆனால் குடும்பத்தில் அவரைப்போல் படமெடுப்பவரும் கிடையாது. போன முறை அவர் படங்கள் ஒன்றுகூடத் தொகுப்பில் இல்லை. அவருக்காகவே மருமகன் மடிக்கணினியும் இணைப்புக் கம்பியும் கொண்டுவந்து தாம்பூலம் கொடுக்கும் மேசையருகே உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான்.